மாமனார் பேசிய நோட்டீஸ் காலம்

அறுபத்தாறு வயதில் ஒருவன் ராஜினாமாக் கடிதம் எழுதினால், அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கங்கைகொண்டான் தொழிற்சாலையில் சரக்கு அறைக் கணக்கு பார்த்து வந்தேன். கல்லிடைக்குறிச்சியில், என் வீட்டுக்கு நடந்துபோகிற தூரத்தில், ஓர் அரிசி ஆலை என்னைக் கூப்பிட்டது. போக விரும்பினேன். அவ்வளவுதான்.

இடையில் நின்றது நோட்டீஸ் காலம். என் நியமன உத்தரவில் தொண்ணூறு நாள் என்று இருந்தது. ஆலைக்குப் பிசானப் பருவ அறுவடை நெல் வந்து இறங்கும்முன் ஆள் வேண்டும். தைப் பொங்கல் கழிந்த மறுவாரம் ஆலை முதலாளியைப் பார்த்தேன். நாற்பத்தைந்து நாளில் விடச்சொல்லி மேலாளரிடம் கேட்கப்போகிறேன், புதிய வேலையைக் கடிதத்தில் குறிப்பிடலாமா, அவர் மறுத்தால் நீங்கள் காத்திருப்பீர்களா என்று இரண்டு கேள்வி கேட்டேன்.

முதலாளி சிரித்தார். "இதுக்குப் போயி கடுதாசியா? உம்ம மேலாளருக்கு மாமனாரு நம்ம கூட்டாளி வே. ஒரு போன் போட்டா முடிஞ்சுது."

"வேண்டாம் அண்ணாச்சி. விட வேண்டியது அவரு. கேக்க வேண்டியது நான். நீங்க நடுவுல வராதீங்க."

"பொல்லாத மனுசன்வே நீரு" என்றார். வேலையைக் குறிப்பிடலாம் என்றும், பங்குனி பாதி வரை பார்ப்பேன், அதற்குமேல் வேறு ஆள்தான் என்றும் சொன்னார்.

தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைக்காரர் வேறு வழி சொன்னார். உடம்பு சரியில்லை என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்களாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம். அங்கே இருந்த காலத்தில் நான் போட்ட மருத்துவ விடுப்பு மூன்றே நாள். இல்லாத நோயை எழுதிவிட்டு, மறுமாதம் ஆலை வாசலில் மூட்டை எண்ணிக்கொண்டு நிற்கவா? அவர் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டில் என் மனைவியும் அதையே சொன்னாள், அவள் பேச்சையும் கேட்கவில்லை.

கடிதத்தை நான்கு முறை எழுதினேன். "தயவுகூர்ந்து" என்ற சொல் முதல் பிரதியில் மூன்று இடத்தில் இருந்தது. கடைசியில் ஒன்றுகூட இல்லை. நின்றது இது:

"வேறு வேலை ஏற்றிருப்பதால் ராஜினாமா செய்கிறேன். விதிப்படி தொண்ணூறு நாள் அறிவிப்பு தரவேண்டும் என்பதை அறிவேன். நாற்பத்தைந்தாம் நாள் விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் இருப்பைச் சரிபார்த்து, வருகிறவரிடம் ஒப்படைப்பேன். குறையும் நாட்களுக்கு என் ஈட்டிய விடுப்பைக் கழிக்கலாம். போதாததற்குச் சம்பளத்தைக் கடைசிக் கணக்கில் பிடிக்கலாம். இயலாது என்றால் எழுத்தில் தெரிவிக்கவும். தொண்ணூறு நாளும் வேலை செய்வேன்."

மேலாளர் பாளையங்கோட்டைக்காரர். என் மகன் வயது. கடிதத்தைப் படித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார்.

"சார், காலையிலயே எங்க மாமனாரு பேசிட்டாவ."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆலை முதலாளி போன் போட்டேவிட்டார்.

"இப்ப நான் விட்டா, வீட்டுல சொன்னதுக்காக விட்டேன்னு பேரு. நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாமனாரப் பிடிச்சுட்டு வருவான்."

"அப்ப மறுத்துருங்க" என்றேன். "ஆனா காரணத்த எழுதிக் குடுங்க. 'மாமனார் பேசியதால் மறுக்கப்படுகிறது'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வையுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் உட்காரவில்லை, அவர் உட்காரச் சொல்லவுமில்லை.

"நான் ஆள வச்சுச் சொல்லச் சொல்லல. என் வேண்டுகோள் உங்க கையில இருக்கு. அதுல இருக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

கடிதத்தின் மூலையில் தேதி போட்டுவிட்டு, சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். ஆறாம் நாள் மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மேலாளர் பரிந்துரையின்படி, ஒப்படைப்பு முடிந்து அறுபதாம் நாள் விடுவிக்கலாம். குறையும் முப்பது நாளில் விடுப்பு போக மிச்சத்துக்குச் சம்பளம் பிடிக்கப்படும். நாற்பத்தைந்து ஏன் ஆகாது என்று மேலாளரிடம் கேட்டேன். "புது ஆளுக்குக் கத்துக்குடுக்க நாள் வேணும் சார்" என்றவர், "அதோட, கேட்டத அப்படியே குடுத்தா மாமனாரு ஜெயிச்ச மாதிரி ஆயிரும்லா" என்றார்.

கூடிய அந்தப் பதினைந்து நாள் கணக்குடன் நேரே ஆலைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, நீங்க போட்ட போனுக்கு விலை பதினஞ்சு நாளு. அறுவதாம் நாள்தான் வருவேன். அதுவும் பங்குனி பாதிக்குள்ளதான் வருது. ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க, வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"நான் பேசலேன்னா தொண்ணூறும் அங்கனயே கெடந்திருப்பீரு" என்றார். "அதுவர நெல்ல யாருவே எண்ணுவா?"

"நீங்கதான்."

அவர் வாயில் வெற்றிலை இருந்தது. மென்று முடித்து, சரி என்று தலையாட்டினார்.

அறுபதாம் நாள் மாலை, விடுவிப்புக் கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாள் காலை ஆலையில் என் முதல் வேலை, முதலாளி எண்ணி அடுக்கியிருந்த மூட்டைகளைத் தொடக்கத்திலிருந்து திரும்ப எண்ணியது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கணக்குக்குப் பதினோரு மூட்டை குறைந்தது. குறைவைப் பேரேட்டில் எழுதினேன். இந்த முறை அவர் யாருக்கும் போன் போடவில்லை.