மிச்சம் வைத்த இருபது நிமிடம்

மேலாளர் கனகலட்சுமி கொண்டுவந்து நீட்டிய தாளைப் பார்த்ததும் தலைவர் இருளப்பசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. அது விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பொதுக்குழு அழைப்பிதழ். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே நிமிடம் போட்டிருந்தது. கணக்கு அறிக்கை, இருபது நிமிடம். தேங்காய் கொள்முதல் நிலையம் எந்த ஊரில், அறுபது நிமிடம். பொன்னாடைக்குக்கூட ஐந்து நிமிடம்.

"ஏம்மா, அழைப்பிதழ்ல போயி நிமிசம் போட்டிருக்கியே? வர்ற ஆளு என்ன நெனைப்பான்? பேச வந்தவன எந்திரி, ஒக்காருன்னு வெரட்டுற மாதிரில்லா இருக்கு!"

"அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகையில முகூர்த்த நேரம் போடுறோம்லா? யாரும் கோவிச்சுக்கிட்டா போறாக?"

வாதத்தில் மடங்கினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது அவர் வழக்கம். துடைத்தார்.

போன வருடக் கூட்டத்தின் லட்சணம் அவருக்கும் தெரியாததில்லை. மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கொருவராக வந்து பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும் மேடையில் இருப்பவர்கள் பெயரை எல்லாம் சொல்லி, "அவர்களே, அவர்களே" என்று கும்பிட்டு முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது. உருப்படியாக முடிவெடுக்க வேண்டிய சமாச்சாரம் வந்தபோது பாதிப் பேர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். கொள்முதல் நிலையம் ராஜபாளையத்திலா, ஸ்ரீவில்லிபுத்தூரிலா என்பது தீராமலே நின்றது. ஒரு வருடம் தேங்காயைக் கண்ட விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டதுதான் மிச்சம்.

இந்தத் தடவை அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று கனகலட்சுமி வரிந்து கட்டிக்கொண்டாள். கணக்கை அழைப்பிதழோடு வீட்டுக்கே அனுப்பினாள். கூட்டத்தில் வாசிப்பு கிடையாது, கேள்வி மட்டும்தான். எது தகவலுக்கு, எது முடிவுக்கு, யார் பேசுவது என்று பக்கத்திலேயே குறித்தாள். முடிவெடுக்க வேண்டியதை, ஜனம் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து முன்னுக்குக் கொண்டுவந்தாள். தலைவர் எல்லாருக்குமாக ஒரு தடவை கும்பிடுவார். மற்றவர்கள் நேரே விஷயத்துக்கு வர வேண்டும். கடைசியில், ஆறு மணிக்குள் கூட்டம் நிறைவு என்று அச்சடித்தாள். ஆனால் நிமிடங்களைக் கூட்டினால் ஐந்து நாற்பதுக்கே முடிந்துவிடும். 'ஏதேனும் பொருள் நீண்டால் மிச்சமுள்ள இருபது நிமிடத்திலிருந்து மட்டுமே எடுக்கப்படும். அடுத்த பொருளின் நேரம் தொடப்படாது' என்று அடியில் ஒரு வரியும் சேர்த்தாள். எந்தக் கூட்டத்துக்கும் அப்படிக் கொஞ்சம் மிச்சம் வைக்கத்தான் வேண்டும்.

அந்த இருபது நிமிடம் மிச்சமாகவே இருந்துவிட வேண்டும் என்று அவள் அய்யனாரை வேண்டிக்கொண்டது மட்டும் அழைப்பிதழில் இல்லை.

அவள் புருஷன் பாண்டிச்செல்வம் ராணுவத்தில் ஹவில்தார். லீவு முடிந்து, கூட்டம் நடக்கிற அன்றைக்குச் சாயந்தர ரயிலுக்குத்தான் கிளம்புகிறான். கூட்டத் தேதியைத் தள்ளிவைக்க வழியில்லை. சட்டப்படி அந்த மாதத்துக்குள் நடத்தியாக வேண்டும். தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கும் பொறுப்பு அவளுடையது, நடுவில் எழுந்து போகவும் முடியாது. ஐந்து நாற்பதுக்கு முடிந்தால் கையெழுத்து வாங்கிவிட்டு, ஸ்கூட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குப் போய் அவனோடு செத்த நேரம் நிற்கலாம்.

நின்று என்ன பேசப் போகிறாள்? ஒன்றே ஒன்று. சர்வீஸ் முடிகிற காலம் வந்துவிட்டது. விருப்பம் எழுதிக் கொடுத்தால் இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பு உண்டு. அதை எழுதிக் கொடுக்காதீர்கள், வந்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் லீவில் இருந்தானே, அப்போது சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். அவர்கள் ஊரான வன்னியம்பட்டியில் லீவுக்கு வந்த ராணுவக்காரன் பொண்டாட்டிக்கு மட்டுமா சொந்தம்? காலையில் அண்ணன் தம்பிகள், மத்தியானம் மாமனார் வகையறா, ராத்திரி அப்பா மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கும் மகள். தனியாக அகப்பட்ட கொஞ்ச நேரத்திலும் கனகலட்சுமி சிரித்துக்கொண்டே இருந்தாள். அவன் எதிரே இருக்கும்போது அவளால் சிரிக்காமல் இருக்க முடிந்ததில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடமாகியும், பக்கத்து வீட்டில் அவன் வண்டியைப் போலப் புல்லட் பைக் சத்தம் கேட்டால் அவளுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். அம்புட்டு ஆசை. அதை யாரிடம் சொல்ல முடியும்?

ராஜபாளையத்தில் பி.காம். படித்தவள். டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று நிறுவனத்தில் சேர்ந்து, இன்று மேலாளர். வேலை அவளைத் தாங்கியது என்று ஊர் சொல்லும். உண்மைதான். ஆனால் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் வேலை எங்கே கூட வரும்? வாசலில் அவன் செருப்பு கிடக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கூட்டம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் ராஜபாளையம், தளவாய்புரம் பக்கத்து ஆட்கள் ஒரு பக்கமும், ஸ்ரீவில்லிபுத்தூர், வன்னியம்பட்டி ஆட்கள் மறுபக்கமுமாகச் சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் பொன்னாடை முடிந்தது. கணக்கில் இரண்டே கேள்வி. ஒருவர் எழுந்து "தலைவர் அவர்களே" என்று இழுக்கவும் கனகலட்சுமி மேஜை மணியைத் தட்டினாள். சபையே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

பிறகு கொள்முதல் நிலையம். முக்கால் மணி நேரம் இரண்டு ஊரும் ஒன்றையொன்று தூக்கிப் போட்டு மிதித்தன. மார்க்கெட் எங்கள் ஊரில்தான் என்றது ராஜபாளையம். தோப்பு எங்கள் பக்கம்தான் அதிகம் என்றது ஸ்ரீவில்லிபுத்தூர். அறுபது நிமிடம் முடியப் போகும்போது தளவாய்புரத்துப் பெத்தம்மாள் எழுந்தாள். அதுவரை வாயே திறக்காதவள்.

"எனக்கு இருக்கது நாப்பது மரம். காய் வெட்டுனா ஒரு ஆட்டோவுக்குக் கூட நெறையாது. நீங்க ராசபாளையத்துல வச்சாலும் சரி, இங்ஙன வச்சாலும் சரி, வண்டி வாடகைக்கே எங்காசு போயிரும். என்ன மாதிரி எத்தன பேரு இருக்காகன்னு யாராவது கேட்டியளா?"

மணி அடிக்க வேண்டிய நேரம். கனகலட்சுமியின் கை மணிமேல் இருந்தது. அடித்துவிட்டால் கை தூக்கச் சொல்லி வாக்கெடுப்பு. அவள் ஊர் ஆட்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெயித்துவிடும். எல்லாம் நேரத்துக்கு முடியும். யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.

இருளப்பசாமி அவள் பக்கம் சாய்ந்தார். "மிச்சம் இருக்காம்மா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்ல வாயெடுத்தும் விட்டாள். நாற்பது மரத்துக்காரி அப்படியே நின்றுகொண்டிருந்தாள், உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்ற முகத்தோடு. ஒருத்தி வாயைத் திறந்து சொல்ல வேண்டியதைச் சொல்ல எத்தனை காலம் காத்திருந்திருப்பாள் என்பது கனகலட்சுமிக்குத் தெரியாதா என்ன? மணியிலிருந்து கையை எடுத்தாள். அழுகை வந்தது.

"இருக்கு அண்ணாச்சி. இருபது நிமிசம். பேசச் சொல்லுங்க."

இருபதும் போயிற்று. ஆனால் வீணாகப் போகவில்லை. சின்ன விவசாயிகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரில், வாரம் இரண்டு நாள் நிறுவனத்து லாரி தளவாய்புரத்துக்கே போய் எடை போட்டு எடுத்துவரும் என்று முடிவாகி, இரண்டு பக்கமும் கை தூக்கியது. மற்ற பொருள்கள் தத்தம் நிமிடத்துக்குள் ஓடின. நன்றியுரை முடிந்தபோது மணி சரியாக ஆறு.

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ரயில் வர நேரம் இருந்தது. தலைவரிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அவள் பையை எடுத்தாள்.

"கொஞ்சம் நில்லு தாயி!" தளவாய்புரத்துக்காரர்கள் மேடையை மொய்த்துவிட்டார்கள். "நேரத்துக்குக் கூட்டத்த முடிச்ச புண்ணியவதிக்கு ஒரு பொன்னாட போத்தாம எப்படிப் போறது?"

அதற்கு அவள் நிமிடம் ஒதுக்கவில்லை. எந்த அழைப்பிதழில் ஒதுக்குவாள்? பெத்தம்மாள்தான் போர்த்த வேண்டும் என்றார்கள். பெத்தம்மாளைத் தேடினால் அவள் பாத்ரூமுக்குப் போயிருந்தாள். வந்தாள், போர்த்தினாள். போட்டோ எடுக்கிறவன் இன்னொரு தடவை போர்த்தச் சொன்னான். பெத்தம்மாள் அவள் கன்னத்தை வழித்து, "நல்லா இருப்பே தாயி, மகராசியா இருப்பே" என்றாள். கனகலட்சுமி எல்லாருக்கும் சிரித்தாள், உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தாள்.

பொன்னாடையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஸ்கூட்டியை முறுக்கினாள். தேரடியில் நெரிசல். ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் போட்டுவிட்டுப் படியேறும்போதே ரயில் நகரத் தொடங்கிவிட்டது.

அவன் கதவருகே நின்று பிளாட்பாரத்தைத் துழாவிக்கொண்டிருந்தான். சரிகைப் பொன்னாடை பறக்க ஓடிவரும் பொண்டாட்டியைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாயிற்று. கையை நீட்டினான். அவள் கூடவே ஓடினாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று எதையும் பார்க்கவில்லை.

"எழுதிக் குடுக்காதிய! போதும்! வந்துருங்க!"

அவ்வளவுதான். அதற்குப் போய் இத்தனை நாள் நேரம் தேடியிருக்கிறாள். சொல்ல ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியதை அவள் பார்த்தாள். வண்டி வேகம் எடுத்தது.

கடைசிப் பெட்டியும் போன பிறகு அவள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். போன் அடித்தது.

"கனகம்." சக்கரச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல். "நான் போன மாசமே இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். குடுத்துட்டுத்தான் லீவுக்கு வந்தேன்."

அவள் தோளிலிருந்த பொன்னாடையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இன்னைக்குப் பிளாட்பாரத்துல வச்சுச் சொல்லிரலாம்னு இருந்தேன். நீ வருவே வருவேன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

"ஒரு மாசம் வீட்ல இருந்தியளே," என்றாள். "அப்பச் சொல்றதுக்கென்ன?"



"நீ சிரிச்சுக்கிட்டே இருந்தே புள்ள," என்றான்.