சுந்தரம் பிரிக்காத உறை

நிரஞ்சனாவைப் போலப் பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. அந்தப் பொறுமைமேல்தான் எனக்குக் கோபம்.

பிள்ளைகளை வளர்த்துவிட்டு நாற்பது வயதுக்குமேல் மறுபடி வேலைக்கு வந்தவள். ஃபேரர் பார்க்கில் இருக்கும் எங்கள் மளிகை இறக்குமதி அலுவலகத்தில் சரக்குப் பத்திரங்களைப் பார்ப்பது அவள். கணக்கைப் பார்ப்பது நான், அமலா. அவளுடைய தகுதிகாண் காலம் மார்ச்சில் முடிந்தது. செப்டம்பர் வந்தும் நிரந்தரமா இல்லையா என்று ஒரு பதிலும் இல்லை. ஒப்பந்தப்படி, எழுத்தில் உறுதிசெய்யும்வரை ஒரு வார நோட்டீசில் அனுப்பிவிடலாம். மருத்துவக் காப்பீடும் கிடையாது. அவள் கணவருக்கு வேலை போயிருந்த நேரம். பாவம், சரியாகச் சாப்பிடக்கூட மாட்டாள்.

முதலாளி சுந்தரத்திடம் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். “நீங்க நம்ம வீட்டு ஆளு லா, பேப்பர் எதுக்கு?” என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

“வீட்டு ஆளுன்னா இன்ஷூரன்ஸ் தருவாங்களாக்கா?” என்று என்னிடம் வந்து கேட்டாள்.

“லெட்டர் எழுதிக் குடு” என்றேன்.

எழுதினாள். உறுதிசெய்திருந்தால் எழுத்தில் தாருங்கள்; நீட்டித்திருந்தால் காரணத்தையும் எதுவரை என்பதையும் சொல்லுங்கள். அவ்வளவுதான். சுந்தரம் மின்னஞ்சல் பார்க்கிற ஆளில்லை என்பதால், அச்செடுத்து உறையில் போட்டுக் கையில் கொடுத்தாள்.

அங்கேதான் பிசகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் இதுவரை உறை கொடுத்தவர்கள் எல்லாருமே வேலையை விட்டுப் போனவர்கள். மனிதர் அதைப் பிரிக்காமலே இழுப்பறையில் போட்டுவிட்டுக் கிடங்குக்கு நழுவினார். மறுநாள் உளுந்து வடை வாங்கிவந்து அவளை விழுந்து விழுந்து உபசரித்தார். அதற்கும் மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

“அமலா, நிரஞ்சனா வேலைக்கு வேற ஆளு தேடி விளம்பரம் போட்டுடுங்க.”

கையிலிருந்த பில்லைக் கீழே வைத்தேன். “ஏன் அண்ணே?”

“அவங்கதான் போறாங்களே. லெட்டர் குடுத்துட்டாங்க.”

“படிச்சீங்களா?”

“படிச்சா ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல?”

வந்த ஆத்திரத்தில் நானே இழுப்பறையைத் திறந்து உறையை அவர் கையில் திணித்தேன். படித்தார். முகம் தொங்கிப்போனது.

“இதுதானா? நல்லா வேலை செய்றவங்களுக்கு எதுக்கு லெட்டர்னு விட்டுட்டேன்.”

“நல்லா செய்றாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

உடனே என்னைக் கடிதம் தட்டச்சு செய்யச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவள் படித்தாள். சிரிக்கவில்லை.

“சார், இன்னிக்குத் தேதியிலேருந்து கன்ஃபர்ம்னு இருக்கு. ப்ரொபேஷன் மார்ச்லயே முடிஞ்சிடுச்சே.”

“அதனால என்ன? இனிமே நிரந்தரம்தானே?”

“அந்த ஆறு மாசமும் நான் நல்லாத்தான் வேலை செஞ்சேன் சார். அதையும் சேத்து எழுதிக் குடுங்க.”

கடிதத்தை அவர் பக்கமே தள்ளி வைத்தாள். சுந்தரம் என்னைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் தேதியைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதுத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டதும், நிரஞ்சனா வாசலுக்குப் போய்க் கணவருக்குப் போன் போட்டாள்.

“கன்ஃபர்ம் ஆயிட்டேங்க. இன்னிக்கு இல்ல, மார்ச்லயே.”