பன்னிரண்டாவது நிபந்தனை

துர்காவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் படித்துக் காட்டச் சொன்னாலும் உள்ளதை மட்டும் படித்துவிட்டு நிறுத்த மாட்டாள். மாமனார் கலியபெருமாளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆனதும், காலையில் செய்தித்தாள் வாசித்துக் காட்டும் வேலை அவள் தலையில் விழுந்தது. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பதினைந்து நிமிடம். முதல் வாரம் ஒழுங்காகத்தான் போயிற்று. இரண்டாவது வாரத்தில், அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் மாலை ஆறு மணிக்குமேல் எண்ணெயில் பொரித்ததைத் தொடக்கூடாது என்று நிபுணர் குழு எச்சரித்திருப்பதாக ஒரு செய்தி வந்தது. அது செய்தித்தாளில் வரவில்லை, துர்காவின் வாயில் வந்தது. தெருமுனை டீக்கடையில் தினமும் இரண்டு வடையை உள்ளே தள்ளிவிட்டு வந்து ராத்திரி நெஞ்செரிச்சல் என்று புலம்பிய மனிதர், அன்றோடு வடையை விட்டார்.

சொன்னது பொய்தான். ஆனால் நெஞ்செரிச்சல் போனது நிஜம். அதனால் துர்காவுக்கு மனசாட்சி உறுத்தவில்லை.

முதலியார்பேட்டையில் இரண்டு அறை வீடு. மாமியார் போய் நாலு வருடம் ஆகிறது. துர்கா சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். சேர்ந்தபோது அட்டைப்பெட்டி மடித்தவள், இப்போது பதினெட்டுப் பெண்களுக்கு லைன் லீடர். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ். அந்த பஸ்ஸில் ஜன்னலோர சீட் அவளுக்கென்று ஒதுக்கப்பட்டது; புதிதாக வந்த பெண் யாராவது தெரியாமல் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் பூவிழியைச் சாயந்திரம் வரை தாத்தாதான் பார்த்துக்கொள்வார்.

கணவன் புருஷோத்தமன் டவுனில் ஒரு ஓட்டலில் பதினோரு வருடமாகச் சமையல்காரன். தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றே முன்வழுக்கை விழுந்துவிட்டது என்பது அவன் கட்சி. அவனுக்குத்தான் மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில் தென்னிந்தியச் சமையல் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. வீடியோவில் பேட்டி எடுத்தார்கள், கொச்சிக்கு வரவழைத்துச் சமைக்கச் சொன்னார்கள், தேர்ந்தெடுத்தார்கள்.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் கலியபெருமாள் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"புள்ள வெளிநாடு போவும்போது மருமவ எதுக்கு பாக்டரிக்குப் போவணும்? ஊட்ல ஆம்பள இல்ல, சின்னப் பொண்ணு இருக்குது. நாலு பேரு இன்னா பேசுவாங்க? எழுதிக் குடுத்துட்டு நின்னுடும்மா."

எழுதியும் வாங்கிவிட்டார். துர்கா தன் கையாலேயே எழுதிய ராஜினாமா கடிதம் அவர் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது. திங்கட்கிழமை தானே கம்பெனி வாசலுக்கு வந்து கொடுப்பதாகவும் சொல்லிவிட்டார். பதினெட்டுப் பெண்களை அதட்டுகிறவளுக்கு அந்த ஒரு கிழவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. புருஷோத்தமனிடம் சொன்னாள். அவன், "அப்பாகிட்ட யாரு பேசுறது?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டான்.

இந்த நேரத்தில்தான் மஸ்கட் ஓட்டலின் கடிதம் வந்தது. வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி அரசாங்கப் பதிவு பெற்றது. அங்கே நிர்மலாதேவி என்றொரு கறாரான அம்மாள் இருந்தாள். ஆங்கிலத்தில் வந்த வேலை உத்தரவோடு, வீட்டாருக்காக அதைத் தமிழில் விளக்கி எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். "வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க. சனிக்கிழமை குடும்பத்தோட வாங்க. நானும் ஒரு தடவ படிச்சு விளக்கினப்புறம்தான் கையெழுத்து" என்று புருஷோத்தமனிடம் சொல்லி அனுப்பினாள்.

துர்கா முதலில் அடுப்படியில் நின்று தனியாகப் படித்தாள். மொத்தம் பதினோரு நிபந்தனைகள். இரண்டு வருட ஒப்பந்தம். விசாச் செலவும் விமான டிக்கெட்டும் ஓட்டலுடையது. எட்டாவது நிபந்தனையில் அவள் கண் நின்றது. முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் வேலை பிடிக்கவில்லையென்றால் ஓட்டலும் நிறுத்தலாம், ஊழியரும் விலகலாம், ஏழு நாள் முன்னறிவிப்பு போதும்.

இது மாமனார் காதில் விழுந்தால் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். பஞ்சாலையில் முப்பது வருடம் உழைத்தவர். "பர்மனன்ட்" என்ற வார்த்தையைச் சாமி பெயர் மாதிரி உச்சரிப்பவர். பதினோரு வருட வேலையை விட்டுவிட்டு மூன்று மாத வேலைக்கா என்று குதிப்பார். புருஷோத்தமன் எத்தனை ஆசையாக இருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். ராத்திரி தூக்கத்தில்கூட "யெஸ் ஷெஃப்" என்கிறான், பாவம்.

ஆகவே எட்டை விழுங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். விழுங்கிய இடத்தை ஈடுகட்ட வேறொன்றைப் போடலாமே என்ற எண்ணமும் அப்போதே வந்துவிட்டது.

வியாழக்கிழமை புருஷோத்தமனுக்கு வார விடுமுறை. சாயந்திரம் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். கலியபெருமாள் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். துர்கா செய்தி வாசிக்கும் குரலில் ஆரம்பித்தாள்.

"அஞ்சாவது. தங்குமிடம் இலவசம். ஒரு அறையில நாலு பேர். ஓட்டலுக்குப் போக வர பஸ். குடும்பத்தாரைத் தங்க வைக்க அனுமதி இல்ல."

"சரி."

"ஆறாவது. மூணு வேளையும் ஊழியர் உணவகத்துல சாப்பாடு. தங்குற அறையில சமைக்கக் கூடாது. மின்சார அடுப்பு, குக்கர் எதுவும் வெச்சுக்கக் கூடாது."

கலியபெருமாள் கண்ணைத் திறந்தார். "சமையக்காரன வேலைக்கு எடுத்துட்டு சமைக்காதேன்னா என்னாம்மா அர்த்தம்?"

"தீப்பிடிச்சிடும்னு, மாமா. ஓட்டல்ல சமைக்கலாம், ரூம்ல கூடாது."

"அப்ப சரியாத்தான் இருக்குது" என்று அவர் முணுமுணுத்தது துர்காவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

ஏழு முடிந்ததும் மூச்சு விடாமல் ஒன்பதுக்குத் தாவினாள். பத்து, பதினொன்று ஆயிற்று. பிறகு தாளைத் திருப்பி, ஒன்றும் எழுதாத வெள்ளைப் பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டாவது. ஊழியரின் மனைவி ஏற்கெனவே ஏதேனும் நிறுவனத்தில் பணிபுரிந்து வந்தால், ஒப்பந்தக் காலம் முடியும் வரை அப்பணியை விடுதல் கூடாது."

புருஷோத்தமனுக்குப் புரையேறியது. பூவிழி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"மஸ்கட்காரனுக்கு என் மருமவ வேலையப் பத்தி இன்னா கவல?" என்று கேட்டார் கலியபெருமாள்.

"குடும்பம் நிலையா இருந்தாத்தான் ஆளு அங்க நிம்மதியா வேல செய்வாராம், மாமா. எல்லாத்தையும் யோசிச்சுத்தான் போட்டிருக்காங்க."

"அடேங்கப்பா. பெரிய ஓட்டலுதான்."

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ராஜினாமா கடிதம் சட்டைப் பையிலிருந்து வெளியே வரவில்லை. அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியாமல் துர்கா மறுநாள் முழுவதும் தவித்தாள். அதைவிடப் பெரிய பயம் சனிக்கிழமை. நிர்மலாதேவி படிக்கும்போது எட்டு வரும், பன்னிரண்டு வராது.

சனிக்கிழமை காலை ஏஜென்சி மாடிப்படியில் துர்கா கடைசியாக ஏறினாள். எல்லோரையும் விட வேகமாக ஏறியவர் கலியபெருமாள்தான்.

நிர்மலாதேவி ஒவ்வொன்றாகப் படித்தாள். நாலு பேர் அறை, பஸ், சமைக்கத் தடை. ஏழு. எட்டு. "முதல் மூணு மாசம் தகுதிகாண் காலம், ஐயா. ஏழு நாள் நோட்டீஸ்ல அவங்களும் நிறுத்தலாம், இவரும் விட்டுட்டு வரலாம். இத வீட்ல படிச்சீங்கதானே?"

துர்கா மேசைமேல் இருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்தாள்.

"படிக்கல" என்றார் கலியபெருமாள். "எங்க ஊட்ல எட்டு இல்ல, பன்னெண்டு இருந்துச்சு."

நிர்மலாதேவி குழம்பினாள். "மொத்தமே பதினொண்ணுதாங்களே ஐயா?"

"அது கெடக்கட்டும்மா. மூணு மாசத்துல அனுப்பிட்டா என் புள்ள இங்க வந்து எந்தக் கல்லுகிட்ட நிப்பான்? பழைய ஓட்டல்ல எடத்த வெச்சுக்கினு இருப்பாங்களா?"

"அதுக்கு யாரும் உறுதி தர முடியாது, ஐயா. அதனாலதான் கையெழுத்துக்கு முன்னாடி வீட்ல பேசச் சொல்றோம். நல்லா வேல செய்றவங்கள சாதாரணமா அனுப்புறதில்ல. ஆனா சட்டப்படி அனுப்பலாம்."

புருஷோத்தமன் முகம் விழுந்துவிட்டது. போச்சு, இவன் ஆசையும் போச்சு, என் வேலையும் போச்சு என்று துர்கா நினைத்தாள். தன் வாயை நினைத்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

கலியபெருமாள் சட்டைப் பையில் கையை விட்டு ராஜினாமா கடிதத்தை எடுத்தார்.

"என்கிட்டயும் ஒரு கடுதாசி இருந்துச்சும்மா" என்றார் நிர்மலாதேவியிடம். "பர்மனன்ட்டுன்னு முத்திர குத்துன கடுதாசி. அத வெச்சுக்கினு இருக்கும்போதேதான் மில்லு கேட்ட மூடுனான். ஏழு நாளுகூட சொல்லல. அன்னிக்கு என் பொண்டாட்டி வீட்டு வேலைக்குப் போயிட்டு இருந்தா. அதனால அடுப்பு எரிஞ்சுது. இல்லன்னா இவன் இன்னிக்கு உன் முன்னாடி உக்காந்திருக்க மாட்டான்."

சொல்லிக்கொண்டே கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். நாலாகக் கிழித்தார். குப்பைக்கூடை எங்கே என்று கேட்டு, அதில் போட்டார்.

"நீ போடா, போய்ட்டு வா. மூணு மாசம் நல்லா நில்லு. அனுப்பிட்டா அனுப்பட்டும், இங்க ஒருத்தி சம்பாதிக்கிறா" என்றார் மகனிடம். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எனக்குப் புரிய வெக்க இந்த எட்டாவதே போதுமே. அத முழுங்கிட்டு எதுக்கு பன்னெண்டாவதப் போட்ட?"

துர்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "மன்னிச்சிடுங்க மாமா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் பனியனுக்குள் கையை விட்டு ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். அதற்குள் பளபளவென்று புதுக் கண்ணாடி. போட்டுக்கொண்டார்.

"இது எப்ப வாங்கினீங்க?" என்று அலறினான் புருஷோத்தமன்.

"கண்ணாடி வந்து மூணு வாரம் ஆவுது. இவ படிக்கிற பேப்பரு கடைல விக்கிற பேப்பர விட நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல. வியாழக்கிழம இவ படிச்சுக் காட்டுறதுக்கு முன்னாடியே அந்தக் கடுதாசிய நான் படிச்சிட்டேன். எட்டாவத இவ எப்படிப் படிக்கிறான்னு பாக்கத்தான் கண்ண மூடிக்கினு இருந்தேன்."

தமிழ்த் தாளைக் கையில் எடுத்துத் திருப்பினார். வெள்ளைப் பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"பன்னெண்டாவது. ஊழியரின் மனைவி வேலைய விடக் கூடாது. பதிமூணாவது. ஊழியரின் தகப்பனாருக்கு, நிபுணர் குழு எது சொன்னாலும், சாயந்திரம் ரெண்டு வடை."

"ஒண்ணு" என்றாள் துர்கா.

கலியபெருமாள் தாளை இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுன்னுதாம்மா போட்டிருக்கு" என்றார்.