அண்ணி அழித்த பென்சில் வரிகள்

என் அண்ணி தையல் கடை வைத்துப் பதினெட்டு வருடமாகிறது. சொன்ன தேதிக்கு அவர் துணி கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. "இதோ அஞ்சு நிமிஷம், பொத்தான் மட்டும்தான் பாக்கி" என்று வந்தவர்களை உட்கார வைத்துவிடுவார். அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரம் இழுக்கும். பெரியவர்கள் போனை நோண்டுவார்கள், பிள்ளைகள் பொத்தான் டப்பாவைக் கவிழ்ப்பார்கள். பொறுக்கிப் பொறுக்கி அலுத்துப்போய்த்தான் அண்ணி கண்ணாடிக்குப் பக்கத்தில் ஐந்து புத்தகங்களை அடுக்கி வைத்தார். எங்கள் தெருவின் வாசிப்பு இயக்கம் ஆரம்பித்த கதை இவ்வளவுதான். லட்சியம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

முதலில், ஒரு புத்தகம் கொண்டுவந்தால் ஒன்று எடுத்துப் போகலாம் என்று எழுதி ஒட்டினார். ஏற்கெனவே வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்தவர்கள் மட்டும் வந்தார்கள். மற்றவர்கள் அந்த அட்டையைப் படித்துவிட்டுக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டு போனார்கள். அண்ணி பத்து நாள் பார்த்தார். பிறகு அட்டையைக் கிழித்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்க. திருப்பித் தரும்போது யாருக்காவது ரெண்டு வரி எழுதி வைங்க" என்று மாற்றினார். புத்தகத்துக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். "அம்மாவிடம் கோபமாக இருப்பவர்கள் இதைப் படிக்கலாம்" என்று எட்டு வயதுப் பெண் ஒருத்தி எழுதிய சீட்டைப் பார்த்து ஒரே வாரத்தில் மூன்று பேர் அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள். மூன்று பேருமே அம்மாக்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கதை வாசிப்பு. தள்ளுவது நான்தான். நாத்தனார் என்று எனக்கு இருக்கிற ஒரே மரியாதை அது. அண்ணி பத்துப் பக்கம் வாசிப்பார். கதையில் கதவு தட்டப்படுகிற இடத்தில் புத்தகத்தை மூடுவார். "யாரு தட்டினது?" என்று பிள்ளைகள் கத்தினால், அதே புத்தகத்தில் இன்னும் மூன்று பிரதி அலமாரியில் இருப்பதைக் கையால் காட்டுவார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பாக்கள் வெளியே நின்று கொட்டாவி விட்டதைப் பார்த்து, நாற்காலிகளைப் பிள்ளைகளின் வட்டத்துக்கு நடுவில் போட்டார். உட்கார வேண்டுமென்றால் உள்ளே வந்தாக வேண்டும். பெரியவர்கள் குழு அப்படி உருவானது. வாரம் இருபது பக்கம். படிக்காதவர்களும் வரலாம். புரிந்ததா என்று யாரையும் கேட்கக் கூடாது, கதையில் எந்த ஆள் மேல் கோபம் வந்தது என்றுதான் கேட்க வேண்டும். கோபம் என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருந்தது.

இதில் அண்ணி வளைந்து கொடுக்காத விஷயம் ஒன்றுதான், சுத்தம். வருகிற புத்தகத்தின் அட்டையை ஈரத்துணியால் துடைப்பார், கிழிந்த முதுகை ஒட்டுவார், பென்சில் கோடுகளை எல்லாம் ரப்பர் போட்டு அழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார். "முன்னாடி படிச்சவங்க கோடு போட்ட இடத்துக்கே கண்ணு ஓடும். புதுசா வர்றவங்க அவங்களே கண்டுபிடிக்கட்டுமே" என்பார். நானும் சரிதான் என்று நினைத்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் மூன்றாவது தெருவில் இருக்கிறார். எதைக் கேட்டாலும் 'ம்' என்பதே பதில் என்பதால் பிள்ளைகள் அவருக்கு உம் மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவி இறந்து ஒரு வருடம் கழித்து, அந்த அம்மா படித்த புத்தகங்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்தார். "இவ்வளவும் எங்களுக்கா சார்?" என்று அண்ணி கேட்டார். "ம்."

இரண்டு மாதம் கழித்து அவரே திரும்ப வந்தார். மழையில் நனைந்திருந்தார். அன்றுதான் அவர் முழு வாக்கியம் பேசி நான் கேட்டேன்.

"அந்தப் படகோட்டி கதை இருக்காம்மா? அவ அதுல பக்கத்துக்குப் பக்கம் ஏதோ எழுதி வச்சிருப்பான்னு பொண்ணு போன்ல சொன்னா. எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவைகூடத் திறந்து பாத்ததில்ல. அவ கையெழுத்துன்னு வீட்ல வேற எதுவும் மிஞ்சல."

அண்ணியின் கால் மிஷின் பெடலில் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பையில் இருந்த எல்லாப் புத்தகங்களிலும் பென்சில் எழுத்து இருந்தது. ஒரு வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, ஒன்று விடாமல் அண்ணி அழித்திருந்தார். அந்தப் புத்தகம் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

"இருக்கு சார். ஆனா நான் அழிச்சுட்டேன்" என்றார் அண்ணி. "கோடு இருந்தா மத்தவங்களுக்கு இடைஞ்சல்னு என் கையால நானே அழிச்சேன். மன்னிச்சுக்கோங்க."

அவர் 'ம்' கூடச் சொல்லவில்லை. நனைந்த தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். அண்ணி எழுந்து புத்தகத்தை எடுத்துவந்து, மிஷின் விளக்கைத் திருப்பிப் பக்கத்தின் மேல் சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்தார். தையலைப் பிரித்தாலும் ஊசி போன ஓட்டை துணியில் நிற்குமே, அந்த மாதிரி பென்சில் அழுத்திய தடம் தாளில் இருந்தது. அந்த அம்மா நன்றாக அழுத்தி எழுதுகிறவர்.

"நான் படிச்சுட்டுதான் அழிச்சேன் சார். படிக்காம என்னால ஒரு காகிதத்தைக் கசக்கக்கூட முடியாது. தடம் தெரியற இடத்தை விளக்குல பாப்போம். தெரியாத இடத்தை ஞாபகத்துலேர்ந்து சொல்றேன். ஞாபகம் இல்லாததை இல்லைன்னு சொல்லிடுவேன், நானா எதையும் சேக்க மாட்டேன்."

அவரை உட்கார வைத்தார். அன்று நிஜமாகவே யாருடைய துணியும் தைக்கப்படவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் 'மழையை இவ்வளவு நேரமா வர்ணிப்பாங்க?' என்று இருந்தது. முப்பதாம் பக்கத்தில் 'இந்த மாமியார் பொய் சொல்றா'. நாற்பத்தைந்தில் இரண்டு வார்த்தைதான் தெரிந்தது. மீதி என்னவென்று அண்ணிக்கும் நினைவில்லை, இல்லை என்றே சொன்னார். உம் மாமா தலையாட்டிக்கொண்டார். ஒரு இடத்தில் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அறுபத்திரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் அண்ணி தயங்கினார். என்னைப் பார்த்தார். அந்த வரியை அழித்த அன்றைக்குச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருந்தார், அதனால் எனக்கும் தெரியும்.

"பரவால்ல, சொல்லுங்க" என்றார் அவர்.

படகோட்டி வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிற இடம் அது. விளக்கை இன்னும் தாழ்த்தி, விரலால் தடத்தைத் தொட்டுக்கொண்டே அண்ணி வாசித்தார். 'நம்ம வீட்டு ஆள் மாதிரியே. என்ன கேட்டாலும் ம். நான் போன பிறகாவது இவர் யார்கிட்டயாவது பேசணும்.'

அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, டப்பாவில் இருந்த பொத்தான்களைத் தேவையில்லாமல் நிறம் பிரிக்க ஆரம்பித்தேன்.

பிறகு அவர் கேட்டார். "இந்தப் படகுக்காரன் கடைசில பேசறானா?"

"பேசறான் சார். ஆனா அதுக்கு நீங்க இன்னும் நூத்தி இருபது பக்கம் போகணும்."

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். முதல் பக்கத்துக்குத் திருப்பியவர், திரும்பவும் அறுபத்திரண்டுக்கே வந்தார். பிறகு அண்ணியிடம் கையை நீட்டினார்.

"ஒரு பேனா கொடுங்கம்மா. பென்சில் வேண்டாம்."