முகில் நாட்டின் வரிப் பதிவேடு

நோட்டைக் கட்டும் சணல் கயிற்றில் நான் ஒற்றை முடிச்சுதான் போடுவேன். அன்று இரட்டை முடிச்சு இருந்தது. யாரோ அவிழ்த்துப் படித்துவிட்டு, பழையபடி கட்டியதாக நினைத்து வைத்திருக்கிறார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நெருக்கடி நிலை அமலில் இருந்தது. குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தின் ஸ்டோரில் எனக்கு வேலை. பச்சைக் காயை உலர்த்தும் அந்தக் கட்டடத்தில் அடுப்புக்கு விறகு தள்ளுவதும், தட்டுகளில் காயைப் புரட்டிவிடுவதும் என் பாடு. எட்டாம் வகுப்பில் படிப்பை விட்டபின் அது எனக்கு ஆறாவது வேலையோ ஏழாவது வேலையோ. ஒரு இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. அதனாலேயே எந்த ஊரிலும் யாரும் என்னை முழுசாக நம்பியதும் இல்லை. அது பழகிப்போன விஷயம்.

நோட்டில் இருந்தது ஒரு நாடு. போடியில் ஒரு சைக்கிள் கடையின் பின்கட்டில் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். அதில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். மலைக்கு மேலே, மழையே பெய்யாத ஒரு நாடு. அங்கே ஆட்கள் மூங்கில் கழிகளுக்கு நடுவே துணி கட்டி, மேகத்தை அதில் சிக்கவைத்துப் பிழிந்து தண்ணீர் எடுப்பார்கள். இரண்டு இதழ் வந்ததும் பத்திரிகைக்காரர்கள், நாடு நாடகத் திரை மாதிரி இருக்கிறது, பின்னால் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரி. ராஜா, சண்டை, குகை எல்லாம் வைத்திருந்தேன். அங்கே ஒருவன் காலையில் எழுந்து என்ன செய்வான் என்பது எனக்கே தெரியாது.

அதற்கு முன் போடியில் ஒரு பத்திர எழுத்தரிடம் எடுபிடியாக இருந்தேன். பழைய பத்திரங்களைப் படியெடுக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எழுதியவன் எதையும் விளக்கமாட்டான். எல்லோருக்கும் தெரிந்ததை யார் விளக்குவார்கள்? அந்தக் கிணறு, இந்தப் புளியமரம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். படிக்கிறவனுக்கு அந்த ஊர் இருக்கிறது என்று தானாகவே தோன்றும். ஆகவே கதையை நிறுத்திவிட்டு, அந்த நாட்டுக்காரர்களும் அங்கே போய்வந்தவர்களும் எழுதி வைத்த காகிதங்களை எழுத ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு பயணக் குறிப்பு. சமவெளியிலிருந்து உப்பு விற்க வந்த வியாபாரி எழுதியது. கழிகளில் தொங்கும் துணிகளைப் பார்த்து, இவர்கள் வருடம் முழுக்கத் திருவிழாக் கொண்டாடும் சோம்பேறிகள் என்று அவன் எழுதுகிறான். அவனுக்கு விலாசம் தெரியும், விவரம் தெரியாது. அடுத்தது வரிப் பதிவேடு. அதில் அதே துணிக்கு முழக் கணக்கில் வரி. கட்டவேண்டியது குடக் கணக்கில் தண்ணீர். இரண்டையும் சேர்த்துப் படிப்பவன் வியாபாரி ஏமாந்துவிட்டான் என்று தானே கண்டுபிடிப்பான். நான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

பிறகு சொலவடைகள். நாற்பது எழுதி, பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அடித்துப் போட்டவை எல்லாம் புத்திமதியாக இருந்தன. வைத்துக்கொண்டவை வேலை செய்கிறவன் இடுப்பு வலியோடு சொல்லக்கூடியவை. அதில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்று காத்திருப்பவனைப் புகழும், மற்றது அவனைக் கேலி செய்யும். ஒரே ஆள் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் சொல்வான் என்று வைத்தேன். வேறொரு சொலவடைக்கு அர்த்தம் அந்த நாட்டுக்காரர்களுக்கே மறந்துபோய்விட்டது.

முடிச்சு மாறியிருந்த அன்றிலிருந்து எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம். அவர்களுக்கும் என் மேல். நான் சாப்பாட்டுக்கு இருந்தது தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டில். அந்த வீட்டு அக்கா சோறு போடும்போது ஏதாவது வம்பு பேசாமல் இருக்கமாட்டாள். இப்போது தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் புருஷன் நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார். லோடு ஏற்ற வந்த ஜீப்பு டிரைவர்கூட என் பையையே பார்த்தான்.

நாலாம் நாள் பச்சைக் காய் நிறுத்து முடிந்ததும் கணக்கப்பிள்ளை ஸ்டோர் வாசலில் என்னைக் கூப்பிட்டார். அவர் மடியில், என் பையிலிருந்து எடுத்த நோட்டு. பக்கத்தில் அக்கா, அவள் புருஷன்.

"யாருக்குப்பா எழுதுற?" என்றார் கணக்கப்பிள்ளை.

"யாருக்கும் இல்லண்ணே. கதை."

"கதைக்கு எதுக்குய்யா கட்டம் போட்டு எழுதுற? பேரு, எல்லை, வரி, பாக்கி. இல்லாத ஊருக்கு வரி போட்டவன இன்னைக்குத்தான் பாக்குறேன். அதுல பாக்கிக்கு வேற தனியா ஒரு கட்டம்!"

யாரும் சிரிக்கவில்லை. நான் போடிப் பத்திரிகை, துணி, மேகம், உப்பு வியாபாரி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது.

"இருக்கட்டும். இத வாசிக்கிறேன், கேளு" என்று அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "கிழக்கே இரட்டைப் பாறை. தெற்கே பட்டுப்போன நாவல் மரம். மேற்கே ஓடை. வடக்கே காடு. புதிதாகத் திருத்தியது. கணக்கில் வராதது. இது எந்த ஊரு மாப்ளே?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அக்காவும் அவள் புருஷனும் திருத்திய இடம். தோட்டத்து எல்லையைத் தாண்டிக் காட்டுக்குள், பெரிய மரங்களின் நிழலில், இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வைத்த ஏலச்செடிகள். மூன்று வருடம் கழித்து அந்தப் பருவத்தில்தான் முதல் காய் வந்திருந்தது. வனத்துறைக்குத் தெரிந்தால் செடியைப் பிடுங்குவார்கள், கேஸ் போடுவார்கள், தோட்டத்து வேலையும் போகும். ஒருமுறை அவளுக்காக உரமூட்டை சுமந்து அங்கே போயிருக்கிறேன். பார்த்ததைக் கை எழுதிவிட்டிருக்கிறது. எழுதும்போது அதை என் கற்பனை என்றே நினைத்துப் பெருமைப்பட்டேன்.

"முப்பத்தொரு குடும்பம் எழுதியிருக்க" என்றார் கணக்கப்பிள்ளை. "முப்பதும் பொய்யின்னு பாத்த உடனே தெரியுது. எல்லாரும் முழு வரியும் கட்டியிருக்கான். எந்த ஊர்லய்யா கட்டுனான்? செத்தவன் பேரு ஒண்ணு இல்ல. வரி தள்ளுபடின்னு ஒரு வஜா இல்ல. அடிச்சு எழுதுன எடம் ஒண்ணு இல்ல. எல்லைன்னா வயல், வயல், வயல். இந்த ஒண்ணுதான் நெசம் மாதிரி இருக்கு. அதனாலதான் இது மாட்டிக்கிச்சு."

திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று தெரியாமல் நின்றேன்.

"அந்தத் தாள மட்டும் அடுப்புல போட்டுர்றேன்ணே."

"போட்டா?" என்றார் அக்காவின் புருஷன். அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். "முப்பத்தொண்ணுன்னு மேல எழுதியிருக்காம்ல. முப்பதுதான் இருந்தா, ஒண்ணு எங்கன்னு கேக்கமாட்டானா? போடிக்காரனுக கையில ஏற்கெனவே என்ன குடுத்திருக்கானோ."

"இதுல இன்னும் ஒண்ணும் குடுக்கலண்ணே."

"நீ சொல்ற."

கடைசியில் வழி சொன்னவர் கணக்கப்பிள்ளைதான். ஒன்றைக் கிழித்தால் அந்த ஒன்றைத் தேடுவார்கள், மொத்தத்தையும் எரித்தால் எதை மறைத்தான் என்று கேட்பார்கள். முப்பதையும் அதே மாதிரி ஆக்கிவிட்டால் எதைத் தேடுவார்கள்? பழையதை எரித்துவிட்டுப் புதிதாக எழுது, இவர்களுக்கு முன்னால் எழுது என்றார்.

அடைமழை பிடித்துக் காய் எடுப்பு நின்ற நாலு நாள் பகலில், அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு குடும்பத்தையும் எழுதி உரக்கப் படிக்க வேண்டும். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவளை மாதிரி சந்தேகத்தோடு கேட்ட வாசகரை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

"வளைஞ்ச பாறைக்குக் கீழ ஊத்துன்னு எழுதியிருக்கியா? அது ரெண்டாம் நம்பர் தோட்டத்து ஊத்து. மாத்து."

"அது நானா நெனச்சதுக்கா."

"நீ நெனைக்கல. தண்ணி குடிச்சிருக்க. மாத்து."

ஊற்றை உலர்ந்த சுனை ஆக்கினேன். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எப்படி முழு வரி கட்டும்? ஒரு வருடத்துக்கு வஜா எழுதினேன். வஜா கொடுத்தால் காரணம் வேண்டும். கழி சாய்ந்து துணி கிழிந்ததாக எழுதினேன். கிழிந்த துணியை அளக்க வந்த மணியக்காரன் நல்ல துணியையும் கிழிசல் என்று எழுதிக் கைக்கூலி வாங்கியிருப்பான் என்று அவள் புருஷன் சொன்னார். அடுத்த வருடக் கணக்கில் அதே துணி முழு நீளத்தோடு இருக்கிறபடி வைத்தேன். யாரும் அதைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. கண்டுபிடிக்கிறவன் கண்டுபிடிக்கட்டும்.

செத்துப்போன ஒருவன் பேரில் ஏழு வருடம் வரி வந்துகொண்டிருந்தது. ஒரு விதவை தன் பேரில் மாற்றக் கேட்டு, அந்தப் பதிவின் மேல் கோடு கிழிக்கப்பட்டிருந்தது. மூன்று கணக்கர்களின் கையெழுத்து தெரியவேண்டும் என்று மூன்று விதமாக எழுதினேன். நடுவில் வந்த கணக்கனுக்குக் குடம் என்றால் சின்னக் குடம், மற்றவர்களுக்குப் பெரிய குடம். அதனால் அவன் காலத்தில் நாடே பணக்கார நாடாகத் தெரிந்தது. பழைய காகிதம் மாதிரி இருக்கத் தேயிலைத் தண்ணீரில் நனைத்து, ஸ்டோர் தட்டில் காயோடு காயாக உலர்த்தினேன். ஏல வாசனை ஏறிவிட்டது. அந்த நாட்டுக்கு அது பொருந்தாது. ஆனால் இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பில்லை.

அவர்கள் இடத்தையும் மாற்றினேன். பாறை ஒன்றானது, ஓடை கிழக்கே போனது, நாவல் மரம் போய் ஒரு எல்லைக்கல் வந்தது. படித்தபோது மற்ற முப்பதிலிருந்து வேறு யாரும் பிரித்துப் பார்க்க முடியாத மாதிரிதான் இருந்தது. பழைய தாள்களை அவள் புருஷன் எண்ணிப் பார்த்து அடுப்பில் போட்டார்.

ஐந்தாம் நாள் காலை மழை விட்டது. முப்பத்தொன்றையும் மொத்தமாகப் படிக்கச் சொல்லி அக்கா கேட்டாள். நடுவில் ஒருமுறைகூட நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும் கேட்டாள்.

"இதுல எங்களோடது எதுன்னு தெரியல. நல்லாத்தான் மறைச்சிருக்க. உனக்குத் தெரியுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாலு நாளாகப் பொய்யை நிஜம் மாதிரி எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய காரியமில்லை.

"தெரியும்க்கா. பத்தொம்பதாவது."

"அப்ப தாள எரிச்சு என்ன புண்ணியம்? அது உங்கிட்டல்ல இருக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. "நீ கெட்டவன்னு சொல்லல அப்பு. ஒரு தடவ உனக்கே தெரியாம எழுதிட்ட. மறுபடியும் எழுதமாட்டன்னு எப்பிடி நம்புறது? நீ கீழ போயிரு."

கணக்கப்பிள்ளை அதுவரைக்குமான கூலியைக் கொடுத்தார். நோட்டை நானே வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னாள். அதில் அவளுக்கு இனி பயமில்லை. சோற்றைக் கட்டியும் கொடுத்தாள்.

குரங்கணி வரைக்கும் அவள் புருஷன் கூட வந்தார். பாதை வழுக்கும், வழித்துணைக்கு வர்றேன் என்றார். இறக்கம் முழுக்க எனக்குப் பின்னால்தான் நடந்தார். போடி போகிற ஜீப்பில் நான் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. என்னோடு வேறு யார் ஏறுகிறார்கள், நான் யாரிடம் பேசுகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி கிளம்பும்வரை நான் யாரிடமும் பேசவில்லை.