கழித்தல் குறியை எடுக்கச் சொன்னார்கள்

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் எம்.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் யாராவது "கணக்குல என்னங்க இருக்குது, அது யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒரு கழித்தல் குறிக்காக என் படிப்பையே நிறுத்தப் பார்த்தார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

இரண்டாம் ஆண்டில் எல்லோரும் ஒரு செமினார் கொடுக்க வேண்டும். பையன்கள் ஊசல், சுருள்வில், மின்சுற்று என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதெல்லாம் சலித்துவிட்டது. சேலத்தில் ஒரு நூலகத்தில், அப்போதுதான் வந்திருந்த வெளிநாட்டுக் கணித இதழ் ஒன்றில் சின்னக் குறிப்பைப் பார்த்தேன். இரண்டு காதலர்களின் மனம் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதியிருந்தார்கள். விளையாட்டாக எழுதியதுதான், ஆனால் கணக்கு சுத்தம். காதலர்கள் என்றால் எங்கள் ஊரில் வம்பு என்று எனக்குத் தெரியாதா? அதனால் அவர்களைக் கணவன் மனைவி ஆக்கிவிட்டேன். தாலி கட்டிய ஜோடியை யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கணக்கு இதுதான். கணவனின் மனதுக்கு x, மனைவியின் மனதுக்கு y. மதிப்பு நேர் எண்ணாக இருந்தால் அன்பு, எதிர் எண்ணாக இருந்தால் வெறுப்பு, பூச்சியம் என்றால் ஒன்றும் இல்லை. கணவன் சாதாரண ஆள். மனைவி அன்பு காட்டினால் அவனுக்கும் அன்பு கூடும், அவள் முகத்தைத் திருப்பினால் குறையும். ஆக x மாறும் வேகம் y. மனைவி கொஞ்சம் பிகு பண்ணுகிறவள். அவன் வந்து வழிந்தால் இவளுக்குச் சலிப்பு வரும், அவன் கண்டுகொள்ளாமல் போனால் இவளுக்குப் பாசம் பொங்கும். ஆக y மாறும் வேகம் கழித்தல் x. கெழுக்களை எளிமைக்காக ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

தீர்வு என்ன என்று படிக்கிற பிள்ளைகளுக்குப் பார்த்ததுமே தெரியும். சைன், கொசைன். x, y தளத்தில் வரைந்தால் வட்டம். இருவரும் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள், பிறகு அவன் உருகுவான் அவள் வெறுப்பாள், பிறகு இருவரும் முறைத்துக்கொள்வார்கள், பிறகு அவள் உருகுவாள் அவன் வெறுப்பான், மறுபடி கொஞ்சல். ஒரு சுற்றில் கால்பங்கு நேரம்தான் இருவருக்கும் ஒருசேர அன்பு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் நான் பார்த்தது அதுதான். கரும்பலகையில் இதை ஒத்திகை பார்த்தபோது பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆனால் சிரித்தபடியே கணக்கைப் புரிந்துகொண்டார்கள். ஊசலை வைத்து இரண்டு பருவம் சொல்லிக்கொடுத்தும் ஏறாதது அன்று ஏறியது.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் துறைத் தலைவர் உள்ளே வந்தார். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைத் தன் அறைக்கு வரச்சொன்னார்.

"ஏம்மா, புருஷன் ஆசையா வந்தா பொண்டாட்டி வெலகிப் போவாளா? குடும்பத்துப் பொண்ணு செய்யற காரியமா இது?"

"சார், இது ஒரு மாடலுங்க சார்."

"மாடலோ மண்ணாங்கட்டியோ. அந்த மைனஸ எடு. ரெண்டு பக்கமும் ப்ளஸ் போடு."

"மைனஸப் புருஷனுக்குப் போட்டுக்கட்டுங்களா சார்? அப்பவும் வட்டந்தான் வரும், சுத்தற திசை மட்டும் மாறும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆம்பள அப்படி இப்படித்தான் இருப்பான். அத எதுக்குப் போர்டுல எழுதணும்? நாளைக்கு உங்கப்பாவக் கூட்டிட்டு வா."

கணிதத்தில் பட்டம் பெற்றவர், வகைக்கெழுச் சமன்பாட்டை வருடக்கணக்காக நடத்துகிறவர், ஒரு குறியை ஒழுக்கத்துக்காக மாற்றச் சொல்கிறார். குறி மாறினால் தீர்வே மாறிவிடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஊசலுக்கு அப்படிச் சொல்வாரா? ஊசல் போகக்கூடாத பக்கம் போகிறது என்று அதன் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வாரா? 

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தக்காளிக் காடு. அப்பா பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியைப் போட்டுவிட்டு நேராகக் கல்லூரிக்கு வந்தார். தோளில் துண்டு, சட்டையில் தக்காளிக் கறை. துறைத் தலைவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க பொண்ணு வகுப்புல காதலப் பத்திப் படம் போட்டுப் பசங்களச் சிரிக்க வெக்கிதுங்க" என்றார். வட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை, சைன் கொசைனைப் பற்றிச் சொல்லவில்லை. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "இனிமே அப்படி நடக்காதுங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அடுத்த குண்டு. "அரூர்ல ஒரு எடம் வந்துருக்குது. வெள்ளிக்கெழம பாக்க வராங்க. புடிச்சிருந்தா மாசத்துக்குள்ள முடிச்சிரலாம். படிச்சதெல்லாம் போதும்."

"இன்னும் பரீட்ச இருக்குதுப்பா."

"அதான் என்ன படிக்கறன்னு இப்பத் தெரிஞ்சிருச்சே."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அம்மாவின் மீதும்தான். அரூர்க்காரர்கள் வருவது அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கும், என்னிடம் மறைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அன்று இரவு அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

செமினார் வியாழக்கிழமை. துறைத் தலைவர் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார். பெண் திருந்திவிட்டாள் என்று தகப்பன் கண்ணால் பார்க்கட்டும் என்று அப்பாவை வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்தார். எம்.எஸ்சி. வகுப்பில் ஒரு மாணவியைக் காவல் காக்க அப்பா. இதைவிடக் கேவலம் உண்டா சொல்லுங்கள்.

நான் பலகையில் அவர் சொன்னபடியே எழுதினேன். x மாறும் வேகம் y, y மாறும் வேகம் x. இரண்டு பக்கமும் கூட்டல். துறைத் தலைவர் முன்வரிசையில் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

"இது நம்ம சார் சொன்ன நல்ல குடும்பம்" என்று ஆரம்பித்தேன். "ஒருத்தர் அன்பு காட்டினா இன்னொருத்தருக்கும் கூடும். வெறுப்பு காட்டினா வெறுப்பும் அப்படியே ஏறும். இதுல சைன் கொசைன் வராது. அடுக்குக்குறிச் சார்புதான் வரும், ஏறினா ஏறிட்டே போகும், எறங்கினா எறங்கிட்டே போகும். இப்ப ஒரு நாள் புருஷனுக்கு அன்பு மூணு, பொண்டாட்டிக்கு மாமியாரோட சண்டை, அதனால அவ மனசு மைனஸ் நாலு. கூட்டினா மைனஸ் ஒண்ணு. அந்தக் கூட்டுத்தொகையோட குறிதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது."

வரைபடத்தைப் போட்டேன். அவன் அன்பைப் பார்த்து அவளுடைய வெறுப்பு முதலில் கொஞ்சம் தணிகிறது. ஆனால் அது பூச்சியத்தைத் தொடுவதற்குள் அவளைப் பார்த்துப் பார்த்தே அவனுடைய அன்பு தீர்ந்துபோகிறது. அதன் பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். அடியே கிடையாது. நான்கும் மைனஸ் மூன்றுமாக ஆரம்பித்திருந்தால் கடைசியில் இருவருமே அன்பில் மேலே போயிருப்பார்கள். "பிகு பண்ற குடும்பத்துல எவ்வளவு சண்ட வந்தாலும் சுத்திட்டுத் திரும்பி வருவாங்க. இந்த நல்ல குடும்பத்துல ஒரு தடவ தப்பான பக்கம் சாஞ்சா திரும்ப வழி இல்லீங்க" என்றேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. துறைத் தலைவர் எழுந்தார்.

"சண்டையில எதுக்கும்மா ஆரம்பிக்கற? நம்ம பக்கம் கல்யாணம் மங்களகரமா ஆரம்பிக்குது. தொடக்க நிபந்தனைய ஒழுங்கா எழுது. தாலி கட்டற நேரத்துல மதிப்பு என்ன?"

அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குச் சரியான பதில்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

"சார், நம்ம பக்கம் பொண்ணும் மாப்பிள்ளையும் ஒருத்தர ஒருத்தர் பேசிப் பாத்ததில்ல. அன்பும் இல்ல, வெறுப்பும் இல்ல" என்று சொல்லி x = 0, y = 0 என்று எழுதினேன். "y பூச்சியம், அதனால x மாறாது. x பூச்சியம், அதனால y மாறாது. நாளைக்கும் பூச்சியம். பத்து வருஷம் கழிச்சும் பூச்சியம். என் மைனஸ் போட்ட கணக்குலயும் இதேதான் வரும்."

"தாலி ஏறினா அன்பு தானா வந்துரும்."

"தானா வர்றதுக்கு இதுல வழி இல்லீங்க சார். சமன்பாட்டுல வெளியிலேர்ந்து இன்னொரு உறுப்பச் சேக்கணும். அது என்னன்னு சொல்லுங்க, சேத்துக்கறேன்."

 அவர் நேரம் முடிந்துவிட்டது என்றார். செமினாருக்கு மதிப்பெண் போட்டபோது தேர்ச்சிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் போட்டார். 'யதார்த்தமற்ற மாதிரி' என்று காரணம் சொன்னார். அந்த மாதிரியில் இருந்ததே அவர் போடச் சொன்ன குறிதான். 

அப்பாவும் நானும் டவுன் பஸ்ஸில் ஊருக்குப் போனோம்.  பாதி வழி தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"நானும் உங்கம்மாளும் தாலி கட்டயிலதான் மொகம் பாத்தோம். அப்ப நாங்க சைபராவா இருக்கறோம்?"

"எனக்கெப்படிப்பா தெரியும்? அம்மாளக் கேளுங்க."

பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். பொறுமை எனக்கு மிச்சமில்லை. வாழ்க்கைச் சமன்பாடு அவ்வளவு எளிதில்லை, நான் எழுதியது வெறும் விளையாட்டு மாடல் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் அரை மணி நேரம் யோசித்து ஒரு கேள்வி கேட்டாரே தவிர, வெள்ளிக்கிழமையை வேண்டாம் என்று சொல்லவில்லை. 

வீட்டுக்குப் போனதும் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா நின்றபடியே குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்.

"அரூர்க்காரங்கள நாளைக்கு வரவேணாம்னு சொல்லிப்போடறேன். புள்ள பரீட்ச எழுதிட்டு வரட்டும், அப்பறம் பாக்கலாம்."

எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அம்மா சொம்பை வாங்கிக்கொண்டு அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அரூர்லேர்ந்து ஆரு வர்றாங்க? எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலீங்களே."