இருநூற்றைம்பது நாடா

மாமனாரின் கண் அழுத்தம் மறுபடி இருபத்துமூன்றுக்கு ஏறிவிட்டது என்று வேலூர் கண் மருத்துவமனையில் டாக்டர் சொன்னபோது, நான் முதலில் சந்தேகப்பட்டது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை.

முதல் மாதம் மருந்து போட்டதும் பதினேழுக்கு இறங்கியிருந்தது. மாமனாருக்கு இருப்பது கிளாக்கோமா. ஓரங்களில் பார்வை ஏற்கெனவே குறைந்துவிட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மூன்று வாரம் பார்க்கலாம், அப்போதும் இறங்காவிட்டால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, மருந்தெல்லாம் சரியாகப் போடுகிறீர்களா என்று கேட்டார். நான் எம்.எஸ்.சி. படித்தவள். அந்தக் கேள்விக்கு என் முகம் சூடேறியது.

மருத்துவமனையில் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருந்தது. கையைக் கழுவவும். பாட்டிலின் முனை கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தவும். அடுத்த மருந்துக்கு முன் குறைந்தது ஐந்து நிமிடம் காத்திருக்கவும். இருபத்தைந்து டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது, உறையவும் கூடாது. திறந்த தேதியை எழுதி, நான்கு வாரத்தில் எறிந்துவிடவும். மஞ்சள் மூடி, ஆரஞ்சு மூடி என்று இரண்டு பாட்டில். இரண்டும் காலை எட்டு, மாலை எட்டு. யு.கே.ஜி. படிக்கும் என் மகளுக்கு இதெல்லாம் மனப்பாடம். அவள் பொம்மைக்கும் கிளாக்கோமாதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு, அது அழக்கூடாது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆரணியில் வெயில் காலத்தில் இருபத்தைந்து டிகிரி எங்கே இருக்கிறது? ஃபிரிட்ஜில் வைத்தேன். கரண்ட் போனால் சூடாகிவிடுமோ என்று பயந்தேன். கரண்ட் வந்தால் மேல் தட்டில் உறைந்துவிடுமோ என்று பயந்தேன். டாக்டர் சொன்னதிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் அலைந்தேன். அது உடம்புச் சூட்டை மட்டும்தான் காட்டும் என்பது எனக்கு இரண்டாம் நாள்தான் உறைத்தது. பிறகு அறை வெப்பம் காட்டும் கருவி ஒன்று வாங்கினேன். அதை அரிசி டப்பாவுக்குள் வைத்துப் பார்த்தேன், பீரோவுக்குள் வைத்துப் பார்த்தேன். மாமியார், அதாவது அத்தை, வீட்டுத் தறியில் நெய்துகொண்டிருக்கும்போதே அவர் காலடியில் தறிக்குழிக்குள் இறக்கியும் பார்த்தேன்.

"குழிக்கு ஜுரமாம்மா?" என்று அத்தை குனிந்து கேட்டார்.

கடைசியில் பாட்டில்களைச் சாம்பார் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தேன். ஒருநாள் கணவர் அதைத் திறந்து இட்லிக்கு ஊற்றப் பார்த்தார்.

மருந்து போடுவதை மட்டும் நான் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சை ஹாலில் டீச்சர் நிற்கிற மாதிரி இருக்கிறது, தனக்கு நேரம் பார்க்கத் தெரியும் என்றார். கண் மூடியிருக்கையில் கடிகாரத்தை எப்படிப் பார்ப்பார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நினைத்தேன்.

காலையில் எட்டு மணிக்கு நான் மகளைப் பள்ளி வேனில் ஏற்றப் போய்விடுவேன். மாலையில் அவளுக்கு வீட்டுப்பாடம். அத்தை தறியில் இருப்பார், மாமனார் தறிக்குப் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு தானே சொட்டு விட்டுக்கொள்வார். உள்ளேயிருந்து "ஆச்சா மாமா?" என்று கேட்பேன். "ஆச்சிமா" என்பார். அவ்வளவுதான் என் கண்காணிப்பு.

வேலூர் போய் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று மாலை எட்டு மணிக்கு மேல் திடீரென்று கரண்ட் போனது. தறி நின்றது. நான் உடனே ஃபிரிட்ஜின் முன்னால் போய், யாரும் திறக்கக் கூடாதென்று காவல் நின்றேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் கழித்துத்தான் மாமனாரிடமிருந்து "ஆச்சிமா" வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மெழுகுவர்த்தியோடு போய்ப் பார்த்தேன். பாயில் நேராகப் படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. இரண்டு கையின் ஆள்காட்டி விரல்களும் மூக்கின் இரண்டு பக்கமும் அழுத்தியிருந்தன. அத்தை தறியில் உட்கார்ந்தபடி விசிறிக்கொண்டிருந்தார். நான் பயந்துபோய் மாமா, மாமா என்றேன்.

"பேசாதமா. நூத்தி அறுபதுல நிக்குது."

"இன்னா மாமா நூத்தி அறுபது?"

"நாடா. இருநூத்தி அம்பது ஓடுனா அஞ்சு நிமிஷம். இன்னும் தொண்ணூறு பாக்கி. கரண்ட் வரட்டும்."

அதாவது, முதல் நாளிலேயே அவர் கடிகாரத்தை வைத்து அளந்திருக்கிறார். அத்தை தறியில், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு போகும் நாடா ஒரு தடவை ஓடும் சத்தம் ஓர் எண்ணிக்கை. நிமிடத்துக்கு ஐம்பது. ஆக ஐந்து நிமிடத்துக்கு இருநூற்றைம்பது. கண் மூடிக் கிடப்பவருக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடையாது. நாற்பது வருடம் நெய்தவர், எண்ணிக்கை தவறவே தவறாது.

தவறவில்லைதான். ஆனால் அத்தைக்கு மூட்டுவலி என்று, மிதிக்காமல் நெய்ய இரண்டு மாதத்துக்கு முன்னால் என் கணவர் அந்தத் தறியில் மோட்டார் மாட்டியிருந்தார். மாட்டச் சொல்லி நச்சரித்தது நான்.

அப்போது கரண்ட் வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியது. போனை எடுத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு நூற்றிருபது நாடா. இரண்டு மாதமாக அவருடைய ஐந்து நிமிடம் வெறும் இரண்டு நிமிடமாக இருந்திருக்கிறது. முதல் சொட்டு கண்ணில் ஊறுவதற்குள் இரண்டாவது சொட்டு வந்து அதைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. நானோ அரிசியின் வெப்பநிலையை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

விளக்கிச் சொன்னேன். மாமனார் எழுந்து உட்கார்ந்து மோட்டாரைப் பார்த்தார். நாடா வேகமாக ஓடுவது காதில் விழவில்லையா என்று கேட்டேன். விழுந்ததாம். மருந்து போடும் வேலை சீக்கிரம் முடிகிறதே என்று நினைத்தாராம்.

அத்தைக்குத்தான் கோபம் வந்தது. "அப்ப எம் முட்டியாலதான் இவரு கண்ணு போவுதுன்னு சொல்றியா?"

"முட்டி இல்ல அத்த, மோட்டாரு."

"மோட்டார கழட்டச் சொல்லு. நான் மிதிக்கிறேன். அவரு கண்ண விடவா?"

"நீ மிதிக்கவே வேணாம் தாயே," என்றார் மாமனார். "உனுக்கு ஆஸ்பத்திரி, எனுக்கு ஆஸ்பத்திரின்னா இந்தப் பொண்ணு எத்தினி டிகிரிய அளக்கும்?"

மறுநாளே மருத்துவமனைக்குப் போன் செய்து சொன்னேன். இடைவெளி குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், இனி கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள், சொன்ன தேதிக்கு வாருங்கள் என்றார்கள். அன்றிலிருந்து எட்டு மணிக்கு மோட்டார் நிற்கும். அத்தை முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வார். மாலையில் நான் போனோடு நின்றேன், காலையில் கணவர் நின்றார். பரீட்சை ஹால் என்று மாமனார் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து வேலூரில் மறுபடி அளந்தார்கள். பதினேழு. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், இதே மருந்தைத் தொடருங்கள் என்றார் டாக்டர். நான் அந்த எண்ணை இரண்டு தடவை கேட்டு, தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

கிளம்புமுன் ஆலோசனை சொல்லும் பெண், எப்படிப் போடுகிறீர்கள் என்று காட்டுங்கள் ஐயா என்று பயிற்சிக்காக மருந்து கலக்காத சொட்டு பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். மாமனார் நாற்காலியில் சாய்ந்து, சரியாக ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரம் அழுத்தினார். சிறிது நேரத்தில் அவருடைய கால்கள் மெதுவாக அசைய ஆரம்பித்தன. வலது, இடது, வலது, இடது. பளபளக்கும் ஆஸ்பத்திரித் தரையில், இல்லாத மிதியை மிதித்துக்கொண்டிருந்தார்.

"கால் வலிக்குதுங்களா ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

மாமனார் எண்ணும்போது பேசமாட்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வரிசையில் காத்திருந்தவர்கள் அவர் கால்களையே பார்த்தார்கள். கால்கள் நின்றதும் கண்ணைத் திறந்து அடுத்த சொட்டுக்குக் கையை நீட்டினார்.

ஐந்து நிமிடம் நான்கு விநாடி. சுவர்க் கடிகாரம் தவறாக இருக்குமோ என்று என் போனையும் எடுத்துப் பார்த்தேன்.